மீந்த பிரியாணியை எத்தனை மணி நேரம் வைக்கலாம்?



ஓர் உதாரணம் பார்ப்போம். விழுப்புரத்தில் ஒரு வலீமா விருந்து. பகல் 2 மணிக்கு, தேக்சாவில் மீந்த பிரியாணியைப் பொட்டலம் கட்டி உறவினருக்குக் கொடுக்கிறோம். அவர்கள் திண்டிவனம் போய்ச் சேர 4 மணி ஆகிறது. இரவு 9 மணிக்கு அதை நன்றாகச் சூடுபண்ணிச் சாப்பிடுகிறார்கள். நள்ளிரவில் பிள்ளைகளுக்கு வாந்தி. உடனே கறி மீது பழி போடுகிறோம். ஆனால் காரணம் சோறாகவும் இருக்கலாம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருப்பது சகஜம். சோறு வேகும் சூட்டிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறியதும் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. வாடையோ ருசியோ மாறாமல் இருக்கலாம் என்பதால் முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். முதல் நாள் வடித்த சோற்றை இரவு முழுவதும் வெளியிலேயே வைத்து, மறுநாள் வதக்கிக் கொடுத்ததே காரணம்.

கணக்கு இதுதான். ஆவி பறக்கும் சூட்டில், அதாவது 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்வரை கிருமி பெருகாது. அந்தச் சூடு தணிந்த பிறகு 2 மணி நேரம் வரை வைக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் 1 மணி நேரம்தான். மேலே சொன்ன பொட்டலமோ 7 மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தது.

ஆகவே மீந்ததைத் தேக்சா சூடாக இருக்கும்போதே பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள். பொட்டலத்தின் மேல் கட்டிய நேரத்தை எழுதுங்கள். வீட்டில் எடுத்து வைப்பதானால் குவியலாக வைக்காமல் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, 1 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள், ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடுபண்ணிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

"பழைய சோறு சாப்பிடுகிறோமே?" என்று கேட்கலாம். வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அது புளிக்கும். அந்தப் புளிப்பு இந்தக் கிருமியை ஓரளவு அடக்கும். பிரியாணிக்கு அந்தக் காப்பு இல்லை.

சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

உணவை வீணாக்க நம் மனம் ஒப்பாது. அளவாகச் சமைத்து, சூட்டோடு பகிர்ந்தால் வீணும் இல்லை, நோயும் இல்லை. நேரம் கடந்துவிட்டதென்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.