கீழே சுட்டால் கீழே வளையும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் போகும் ஒரு சந்தில் இரும்புக் கட்டுமானப் பட்டறை ஒன்று இருக்கிறது. ஒருநாள் மாலை, ஆறு மீட்டர் நீளமுள்ள ஐ வடிவ பீம் ஒன்றை இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். நடுப்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் என்பது வரைபடத்தின் கோரிக்கை. பட்டறையில் அதற்குப் பெயர் கேம்பர். ஃபிட்டர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, மேலே எழும்ப வேண்டிய அந்த பீமின் அடிப்பக்கத்தைச் சுடத் தொடங்கினார். முனைக்கு முனை இழுத்துக் கட்டிய நூலைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாள் பையன் கத்தினான்: "அண்ணே, கீழ இறங்குதுண்ணே!"

"இறங்கட்டும். நாளைக்குக் காலையில வந்து பாரு."

அவர் அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு புதிர்கள் இருந்தன. சுட்டால் ஏன் இறங்குகிறது? இறங்குவது நாளைக்கு எப்படி ஏறும்?

முதல் புதிருக்கு நம் மனம் சட்டென்று ஒரு பதில் சொல்லும்: சூட்டில் இரும்பு இளகியது, தன் எடை தாங்காமல் தொய்ந்தது. இது தவறு. நூறு டிகிரி சூட்டில் எஃகின் விறைப்பு குறைவது மிகச் சொற்பம். உண்மையான காரணம் நீளம். சூடான எஃகு நீள்கிறது. பீமின் அடிப்பக்கம் நீண்டு, மேல்பக்கம் பழைய நீளத்திலேயே நின்றால், இரண்டும் ஒட்டியிருக்க ஒரே வழிதான் உண்டு. வட்டப் பாதையில் வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளமாக இருப்பது போல, நீண்ட அடிப்பக்கம் வளைவின் வெளிப்புறத்துக்குப் போக வேண்டும். இரு முனைகளும் ஸ்டாண்டில் நிற்பதால் நடுப்பகுதி இறங்குகிறது. வெப்பம் எந்தப் பக்கமோ, வயிறு அந்தப் பக்கம்.

எவ்வளவு இறங்கும் என்பதையும் எளிதாகக் கணக்கிடலாம். பீமின் உயரம் 300 மில்லிமீட்டர். மேல்முகத்தைவிடக் கீழ்முகம் 60 டிகிரி கூடுதல் சூடு என்றும், இடையில் அது படிப்படியாகச் சீராகக் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் எஃகு 0.012 மில்லிமீட்டர் நீளும். ஆறு மீட்டருக்கும் 60 டிகிரிக்கும் பெருக்கினால், அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக நீண்டிருக்கும். ஓர் அரிசியின் நீளத்தைவிடக் குறைவு. இந்த அற்ப வித்தியாசம் பீமை 417 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டாக மாற்றிவிடுகிறது. வட்டம் சிறிதாக இருந்தால் வளைவு கூர்மை, பெரிதாக இருந்தால் மென்மை. இந்தக் கூர்மையைத்தான் வளைமை என்கிறார்கள். விரிவு எண்ணை வெப்ப வித்தியாசத்தால் பெருக்கி, பீமின் உயரத்தால் வகுத்தால் வளைமை கிடைக்கும். அதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நடுப்பகுதியின் இறக்கம்:

δ = α ΔT L² / 8h

நம் பீமுக்கு விடை 10.8 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதே பீம் தன் சொந்த எடையால் தொய்வது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நடுவில் பாரம் தொங்கவிட்டு அதே 10.8 மில்லிமீட்டரை வரவழைக்க வேண்டுமென்றால் நான்கு டன்னுக்கு மேல் தேவைப்படும். ஐந்து சிறிய கார்களை ஒரே கொக்கியில் மாட்டுவது போல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஐந்து கார் தொங்கினால் பீமின் உள்ளே ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். வெப்பத்தால் வளைந்த பீமுக்குள் அப்படி எதுவும் இல்லை. சூடு சீராகப் படிந்திருந்தால், ஒவ்வொரு இழையும் தான் விரும்பிய நீளத்தில் நிம்மதியாக இருக்கிறது. சூத்திரத்தை மறுபடி பாருங்கள். எஃகின் வலிமைக்கு அதில் இடமே இல்லை. அதே உயரத்தில் இரட்டிப்புத் தகடு போட்டு பீமைத் தடிமனாக்கினாலும் அதே இறக்கம்தான். முனைகளைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்தால் மட்டும் கதை மாறும்: வளைவு மறைந்துவிடும், அதற்குப் பதிலாக உள்ளே தகைவு எழும். நம் பீமில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 72 நியூட்டன். சாதாரண எஃகு நிலையாக உருக்குலையத் தொடங்கும் அளவில் இது கால் பங்கைத் தாண்டும். வளைய விடு, அல்லது தாங்கிக்கொள். மூன்றாவது வழி கிடையாது.

சூத்திரத்தில் நீளம் வர்க்கமாக வருவதன் விளைவைப் பார்க்க எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போகலாம். அங்கே 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கப்பட்டது. அந்தத் திரவத்தின் குளிர் ஏறத்தாழ மைனஸ் 160 டிகிரி. வெதுவெதுப்பான குழாய்க்குள் அதை அவசரமாக விட்டால் அடிப்புறத்தை ஒட்டி ஓடும். குழாயின் அடி சுருங்கும், மேல்புறம் எண்ணூர் வெயிலிலேயே இருக்கும். நம் பீமின் கண்ணாடி பிம்பம் இது. சூடான மேல்பக்கமே வெளிச்சுற்று என்பதால் குழாய் மேல்நோக்கி வளையப் பார்க்கும். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள துருவேறா எஃகுக் குழாயில் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால், எடையைக் கணக்கில் சேர்க்காதபோது, 12 மீட்டர் நீளத்துக்கு எழுச்சி 1.7 சென்டிமீட்டர். 24 மீட்டருக்கு அது இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி ஏழு சென்டிமீட்டரை நெருங்குகிறது. குழாய் தன் இடைத்தாங்கிகளை விட்டே எழும்பிவிடக்கூடும். அதனால்தான் இத்தகைய குழாய்களில் முதலில் குளிர்ந்த வாயுவை மெல்ல அனுப்புவார்கள். குழாயின் தலையிலும் அடியிலும் வெப்பமானிகளைப் பொருத்தி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எல்லை மீறாமல் கண்காணிப்பார்கள்.

பட்டறைக்குத் திரும்புவோம். ஃபிட்டர் பீம் முழுவதையும் சுடவில்லை. அடித்தகட்டில் சாக்பீஸால் குறித்த சில திட்டுகளை மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டார். கார்பன் எஃகுக்கு 650 டிகிரி எல்லை. அதைத் தாண்டாமலிருக்க, குறிப்பிட்ட சூட்டில் உருகும் ஒரு வண்ணக்குச்சியால் கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டார். அந்தத் திட்டு நீள விரும்புகிறது. அக்கம்பக்கத்து குளிர்ந்த எஃகு விடுவதில்லை. சூட்டில் இளகிய உலோகம் நீள வழியின்றித் தடிமனில் பிதுங்குகிறது. ஆறும்போது சுருங்குவதை யாரும் முழுதாகத் தடுக்க முடியாது. அதனால் அது சுடுவதற்கு முன்பிருந்ததைவிடக் குட்டையாகிவிடுகிறது. அடிப்பக்கம் குட்டையானால் அதுவே உட்சுற்று, பீம் மேலே எழும்பும். இரண்டாவது புதிரின் விடை இதுதான்.

இந்த வேலையில் அனுபவமில்லாதவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். சூடு ஆறுமுன் அளந்து, "இன்னும் ஏறவில்லையே" என்று மறுபடி சுடுவார்கள். எல்லாம் ஆறியபின் கேம்பர் தேவைக்கு மிஞ்சிவிடும். அதனால் ஃபிட்டர் தண்ணீரும் ஊற்றவில்லை, அளக்கவும் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து நூல் பிடித்தார்கள். வெயில் ஏறினால் மேல்தகடு சுடும். ஐந்து டிகிரி வித்தியாசம் வந்தாலே பீம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பொய்யாக எழுந்து நிற்கும். பையன் இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, கண்ணை இடுக்கிப் படித்தான். நூலுக்கு மேலே ஆறு மில்லிமீட்டர்.