கண்ணில் படாத சின்னான்களின் கணக்கு

ஏப்ரல் மாதத்துக் காலையில் நெய்வேலி நகரியத்துத் தெரு ஒன்றில் ஐந்து நிமிடம் நின்று, காதில் விழும் பறவைகளை எல்லாம் நோட்டில் குறித்துப் பாருங்கள். குயில் பட்டியலின் மேலே வந்து உட்கார்ந்துவிடும். தேன்சிட்டு எங்கோ அடியில் கிடக்கும். அதனால் இங்கே தேன்சிட்டைவிடக் குயில்தான் அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? குயிலின் குரல் இரண்டு மூன்று தெரு தாண்டியும் வந்து சேர்கிறது. தேன்சிட்டின் கீச்சொலியோ பக்கத்து வேலியைத் தாண்டினாலே மங்கிவிடுகிறது. குயிலைப் பெரிய வட்டத்துக்குள்ளும் தேன்சிட்டைச் சின்ன வட்டத்துக்குள்ளும் எண்ணிவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறோம்.

நோட்டில் விழும் எண் என்பது இருக்கிற பறவைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. அதை, நம் கண்ணுக்கோ காதுக்கோ அகப்படும் வாய்ப்பால் பெருக்கி வந்த எண் அது. அந்த வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாமல் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பறவை என்று சொல்ல முடியாது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பு, எந்த ஊரில் எந்தப் பறவை தென்படுகிறது என்பதை அழகாகச் சொல்கிறது. அடர்த்தி என்பது வேறு கேள்வி. அதற்கு ஒவ்வொரு பறவைக்கும் கூடுதலாக ஒரு தகவல் வேண்டும்: அது நம்மிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது?

ஓரிடத்தில் அசையாமல் நின்று, குறித்த நேரம் மட்டும் எண்ணுவதைப் புள்ளிக் கணக்கு என்கிறோம். பறவைகளோடு அவற்றின் தூரத்தையும் பதிந்து, அதிலிருந்து அடர்த்தியைக் கணிப்பது தொலைவு மாதிரி முறை. 1976-இல் ஹவாய்த் தீவுகளின் காடுகளில் தொடங்கிய பெரிய பறவைக் கணக்கெடுப்பில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கையாண்டார்கள். மேடும் பள்ளமும் புதருமாக இருக்கும் இடத்தில் காலடியையும் பார்த்துக்கொண்டு பறவையையும் பார்க்க முடியாது. நின்று எண்ணுவதே வசதி. பக்லண்டும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட நூல் இதன் கணிதத்தை ஒழுங்குபடுத்தித் தந்தது. நம் பக்கத்தில் டி.ஆர். சங்கர் ராமன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பல கணக்கெடுப்பு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, 2003-இல் ஐபிஸ் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்.

இனி நெய்வேலிக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக நானே அமைத்த எண்களைத்தான் கீழே தருகிறேன். எடுத்துக்கொண்ட பறவை சின்னான். தலையில் சிறு கொண்டையும் வாலடியில் சிவப்பும் உள்ள, எல்லோரும் பார்த்திருக்கும் பறவை. நகரிய வரைபடத்தின் மேல் 250 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட வேண்டும். கட்டத்தின் தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடுகள் வெட்டும் இடங்களில் 40 புள்ளிகளை எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள்.

இங்கே ஒரு சபலம் வரும். நகரியத்துச் சாலைகள் நேராக ஓடுகின்றன, இருபுறமும் மரங்கள் இருக்கின்றன. சாலையோரத்திலேயே நின்று எண்ணிவிடலாமே என்று தோன்றும். ஆனால் நம்மைச் சுற்றி இருக்கும் பறவைகள் நாம் நிற்கும் இடத்தைச் சட்டை செய்யாமல் பரவியிருக்கின்றன என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த முறை நிற்கிறது. மர வரிசைக்கு அடியிலேயே போய் நின்றால் பக்கத்தில் பறவை கூடுதலாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். அது மரத்தால் வந்த குறைவு. கணிதமோ, தூரத்தால் பார்வை குறைந்தது என்று அதை எடுத்துக்கொள்ளும், விடை ஊதிவிடும். ஆகவே புள்ளி யாருடைய குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் விழுந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும். "அக்கா, அஞ்சு நிமிஷம் அந்தப் பலா மரத்துக்கிட்ட நின்னுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். காலை ஆறரைக்கு அந்தப் பலாவின் கீழ் நிற்கும்போது தலைக்கு மேல் சருகு அசையும் சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதி இந்த வேலைக்கு வேண்டியது.

ஐந்து நிமிடத்தில் கேட்டதும் பார்த்ததுமான ஒவ்வொரு சின்னானுக்கும் கிடைமட்டத் தூரத்தை எழுதுகிறோம். பறவை மரத்தின் உச்சியில் இருந்தால் உச்சி வரைக்குமான சாய்வுத் தூரம் இல்லை. அதற்கு நேர்கீழே தரை வரைக்குமான தூரம். லேசர் தூரமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் புள்ளியைச் சுற்றியுள்ள மரம், சுவர், தண்ணீர்த்தொட்டி ஆகியவற்றின் தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, பறவை எதற்கும் எதற்கும் நடுவே இருக்கிறது என்று பார்க்கலாம்.

40 புள்ளிகளிலும் 60 மீட்டருக்குள் 78 சின்னான்கள் கிடைத்தன என்று கொள்வோம். 15 மீட்டர் அகல வளையங்களாகப் பிரித்தால், நடுவிலிருந்து வெளியே 11, 25, 25, 17. முதல் பார்வைக்கு 15 முதல் 45 மீட்டர் வரைதான் சின்னானுக்குப் பிடித்த தூரம் போலத் தெரியும். வளையங்களின் பரப்பைப் பாருங்கள். நடு வட்டத்தின் பரப்பு ஒரு பங்கு என்றால் அடுத்தடுத்த வளையங்கள் மூன்று, ஐந்து, ஏழு பங்கு. அந்தப் பங்கால் வகுத்தால் 11, 8.3, 5, 2.4 என்று வருகிறது. படிப்படியாக இறங்கும் இந்த வரிசைதான் தூரம் கூடக் கூடக் கண்டறிதல் எப்படிக் குறைகிறது என்பதன் படம். வெளியே போகப் போக இடம் விரிகிறது, பார்வையும் செவியும் தேய்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி நடத்துவதால்தான் நடு வளையங்கள் பருத்துத் தெரிகின்றன.

இந்த இறக்கத்துக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்துகிறோம். அதிகம் பயன்படுவது இது:

```
g(r) = exp(-r^2 / (2*s^2))
```

r என்பது தூரம். s என்பது பார்வை எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண். நம் 78 பறவைகளுக்கு அது 30 மீட்டர். அப்படியென்றால் 10 மீட்டரில் இருக்கும் சின்னான்களில் நூற்றுக்கு 95 அகப்படும், 30 மீட்டரில் 61, 60 மீட்டரில் 14 மட்டும். மொத்த வட்டத்துக்கும் சராசரி எடுத்தால் நூற்றுக்கு 43. 60 மீட்டர் ஆரமுள்ள 40 வட்டங்களின் பரப்பு ஏறத்தாழ 45 ஹெக்டேர். எண்ணியதை அப்படியே வகுத்தால் ஹெக்டேருக்கு 1.7 சின்னான். தவறவிட்டதையும் சேர்த்தால் ஏறத்தாழ 4. நடு வட்டத்தின் 11 பறவைகளை அதன் 2.8 ஹெக்டேரால் வகுத்தாலும் 3.9 வருகிறது. பக்கத்தில் எதுவும் தப்பவில்லை என்றால் அப்படித்தானே வர வேண்டும்! ஆனால் வெறும் 11 பறவைகளை நம்பி ஒரு நகரியத்தைக் கணிக்க முடியாது. எல்லாத் தூரத்துப் பறவைகளும் சேர்ந்துதான் கோட்டை உறுதியாக்குகின்றன. புள்ளிக் கணக்குக்குக் குறைந்தது 75 முதல் 100 பதிவுகள் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கணினியில் செய்வதானால் R மொழியின் Distance தொகுப்பில் ஒரு வரி:

```
m <- ds(d, transect="point", key="hn", truncation=60)
```

அட்டவணையில் ஒரு பறவையும் கிடைக்காத புள்ளிகளையும் சேர்க்க மறக்கக் கூடாது. அவற்றை விட்டுவிட்டால் அடர்த்தி கூடிவிடும்.

நெய்வேலியில் இந்த முறை ஏன் இவ்வளவு தேவை என்பது சுரங்கத்தின் பக்கம் போனால் புரியும். சக்கர வாளி எந்திரங்களும் மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளும் எழுப்பும் இரைச்சல் காற்றோடு வந்துகொண்டே இருக்கும். அங்கே இன்னொரு 40 புள்ளிகளில் எண்ணி 40 சின்னான்களே கிடைத்தன என்று வையுங்கள். சுரங்க ஓரத்தில் சின்னான் பாதியாகிவிட்டது என்று எழுதத்தான் கை போகும். வளையங்களைப் பார்ப்போம்: 10, 17, 10, 3. நடு வட்டத்தில் முன்பு 11, இப்போது 10. வெளியேதான் சரிந்திருக்கிறது. கோட்டைப் பொருத்தினால் s 20 மீட்டருக்கு இறங்குகிறது. அடர்த்தி மீண்டும் ஹெக்டேருக்கு 4 என்றே வருகிறது. பறவை குறையவில்லை, காதுதான் அடைத்துப்போயிற்று. தூரத்தை எழுதாமல் வந்திருந்தால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேறு வழியே இருந்திருக்காது. மண்மேட்டில் நட்டு வளர்த்த அடர்ந்த காட்டையும் திறந்த புல்வெளியையும் ஒப்பிடும்போதும் இதே ஆபத்து உண்டு.

தவறு எங்கே நுழையும் என்பதையும் வளையங்களே காட்டிக்கொடுக்கும். நாம் நடந்து வரும் சத்தத்தில் பக்கத்துப் பறவைகள் தள்ளிப் போய் உட்கார்ந்தால் நடு வட்டம் வெறிச்சோடும், அடுத்த வளையம் வீங்கும். 11, 25 என்று வர வேண்டிய இடத்தில் 4, 32 என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வந்து சேரும்போதே பறந்ததைப் பார்த்துவிட்டால், அது முதலில் இருந்த இடத்தின் தூரத்தை எழுத வேண்டும். 20, 30, 50 என்ற முழு எண்களில் பதிவுகள் குவிந்திருந்தால் அளக்காமல் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறோம் என்று பொருள். அந்தக் குத்துமதிப்பு சின்ன விஷயமில்லை. புள்ளிக் கணக்கில் பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், எல்லாத் தூரத்தையும் பத்து விழுக்காடு குறைத்து மதிப்பிட்டால் அடர்த்தி ஏறத்தாழ 23 விழுக்காடு கூடிவிடும்.

நேரத்தை நீட்டுவதும் அப்படித்தான். அரை மணி நேரம் நின்றால் இன்னும் நிறையப் பறவை வரும். ஆனால் அவை அங்கே இருந்த பறவைகள் இல்லை, அந்த வழியாகப் போன பறவைகள். இந்த முறை ஒரு கணத்தின் புகைப்படத்தைக் கேட்கிறது. தலைக்கு மேல் பறந்து கடக்கும் காகத்தையும் கிளியையும் இதில் சேர்க்காமல் விடுவது இதனால்தான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வளையங்களால் காட்டிக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. நம் காலடியில் நிற்கும் பறவை தப்பவே தப்பாது என்று கணிதம் எடுத்துக்கொள்கிறது. சின்னானுக்கு அது பொருந்தும். கூவும் பருவம் முடிந்தபின் பலா இலைகளுக்குள் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் குயிலுக்குப் பொருந்தாது. தலைக்கு மேலேயே பாதியைத் தவறவிட்டால் எல்லா வளையமும் ஒரே விகிதத்தில் குறையும், கோட்டின் வடிவம் மாறாது, விடை மட்டும் பாதியாகி நிற்கும். அங்கே இரண்டு பேர் வேண்டும். ஒரே மரத்தடியில் நின்று, ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல் எழுதிவிட்டு, நீ கண்டதில் நான் எத்தனையைக் காணவில்லை, நான் கண்டதில் நீ எத்தனையைக் காணவில்லை என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.