மூலைக்கால் சரியாக இருந்தால் வேலி நிற்கும்

போட்டு ஒரு வருடமான கம்பி வேலி எதையாவது பாருங்கள். வலை நடுவில் தொய்ந்து தொங்கும். நடுக்கால்கள் போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நேராக மூலைக்குப் போய், மூலைக்காலின் வெளிப்பக்கம் குனிந்து பாருங்கள். கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தால், கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். வலை தொய்ந்தது அதனால்தான்.

செயின் லிங்க் வலை இழுத்துக் கட்டப்படுவது. அந்த இழுவை முழுவதையும் தாங்குபவை மூலைக்கால்களும் கேட் கால்களும். நடுக்காலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுப்பதால் அதற்குப் பெரிய பாரமில்லை. வலையை நிமிர்த்திப் பிடித்தால் போதும். ஆகவே எல்லாக் குழியையும் ஒரே அளவில் தோண்டச் சொல்வது தவறு.

60 அடிக்கு 40 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. கால்களுக்கு இடையே 10 அடிக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் மொத்தம் 20 கால்கள். முன்பக்கம் 10 அடி கேட் வைத்தால், அவற்றில் நான்கு மூலைக்கால், இரண்டு கேட் கால், மீதி 14 நடுக்கால். 5 அடி உயர வலைக்கு, 7 அடி சிமெண்ட் காலில் 2 அடி மண்ணுக்குள் போகவேண்டும். நடுக்காலுக்கு ஓரடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி போதும். மூலைக்கும் கேட்டுக்கும் ஏழரை அடிக் கால், ஒன்றரை அடிச் சதுரக் குழி, இரண்டரை அடி ஆழம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். எல்லைக் கோட்டின் மேலேயே மூலைக்காலை நிறுத்தினால், கான்கிரீட் முக்கால் அடி பக்கத்து மனைக்குள் போய்விடும். பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த முக்கால் அடி உள்ளே தள்ளித்தான் நடவேண்டும். சர்வே கல் இருந்தால் அதை அசைக்கக்கூடாது.

குழியின் அடி, வாயைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். கடப்பாரையால் தோண்டும்போது கீழே போகப்போகக் குறுகுவது வழக்கம். அப்படிப்பட்ட குழியில் இறுகிய கான்கிரீட் காலோடு சேர்ந்து எளிதாக மேலே கிளம்பிவிடும். உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, கலைக்காத மண்ணை ஒட்டியே 1:2:4 கலவையைப் போட்டுக் குத்தவேண்டும். மேல்பகுதியைத் தரைக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகப் பூசவேண்டும். இரும்பு ஆங்கிள் கால்கள் துருப்பிடித்து முறிவது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான்.

முட்டுக்கால் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரு மூலைக்கு இரண்டு முட்டுக்கால் வேண்டும், ஒவ்வொரு வேலி வரிசையிலும் ஒன்று. முட்டின் அடி, வலை போகும் திசையிலேயே 4 அடி தள்ளி மண்ணில் நிற்கவேண்டும். தலை, மூலைக்காலில் 4 அடி உயரத்தில் முட்டவேண்டும். அதே 7 அடிக் காலையே சாய்த்துவிடலாம். வலை இழுக்கும்போது முட்டு அமுங்கி, பாரத்தை மண்ணுக்குக் கடத்தும். அப்போது மூலைக்காலை மேல்நோக்கித் தூக்கவும் பார்க்கும். அதனால்தான் மூலைக்குழி ஆழமாகவும் அடி அகன்றும் இருக்கவேண்டும் என்கிறேன். கேட் காலுக்கு ஒரு முட்டு போதும். ஆக மொத்தம் 10 முட்டுகள். ஒவ்வொன்றின் அடிக்கும் ஓரடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி. எல்லாக் குழிக்கும் சேர்த்துச் சுமார் 77 கன அடி கான்கிரீட், 14 மூட்டை சிமெண்ட் ஆகும்.

முதலில் நான்கு மூலைகளையும் தூக்குக்குண்டு வைத்து நிறுத்தி, இடையில் நூல் கட்டி, அதை ஒட்டி நடுக்கால்களை நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகே கம்பியை இழுக்கவேண்டும். மறுநாளே இழுக்கத் துடிக்கும் ஆட்களைத் தடுத்து நிறுத்துங்கள். பச்சைக் கான்கிரீட்டில் கால் அசைந்தால் பிறகு பிடிப்பே வராது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஜிஐ கம்பிகளை முறுக்கி இழுத்த பிறகுதான் வலை.

வலையை மூலையில் மடக்கி அடுத்த பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் மூலையில் முடிந்து புதிதாகத் தொடங்கவேண்டும். கடைசிக் கண்களுக்குள் ஒரு கம்பியைச் செங்குத்தாகச் செருகி, அதைக் காலோடு போல்ட் போட்டு இறுக்கினால் இழுவை காலின் முழு உயரத்துக்கும் பரவும். வலை நீளமாக இருந்தால் வெட்டவும் வேண்டாம். ஒரு சுருள் கம்பியின் மேல் கீழ் முனைகளை நிமிர்த்திச் சுழற்றினால் அது அப்படியே உருவிக்கொண்டு வரும், வலை இரண்டாகப் பிரியும். இரண்டு சுருளைச் சேர்ப்பதற்கும் அதே கம்பியைத் திரும்பச் சுழற்றி நுழைத்தால் போதும், இணைப்பே தெரியாது.

கரிசல் மண்ணாக இருந்தால் முதல் மழைக்காலத்துக்குப் பிறகு மூலைகளை மறுபடி தூக்குக்குண்டால் பாருங்கள். கால் சாய்ந்திருந்தால் கம்பியை மட்டும் இறுக்காதீர்கள். அது இன்னும் சாய்க்கும். கம்பியைத் தளர்த்தி, காலை நிமிர்த்தி, முட்டின் அடியைத் தோண்டிப் பெரிதாகக் கான்கிரீட் போட்ட பிறகே இழுக்கவேண்டும்.