காசு ஃபோனுக்குள்ள இல்ல, அத்தை

யூபிஐ பற்றி வகுப்பு எடுக்கிறவர்களின் ஸ்லைடுகளில் ஒரு படம் தவறாமல் வரும். பணம் அனுப்புபவரின் செயலி, அவருடைய வங்கி, பெறுபவரின் செயலி, அவருடைய வங்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் என்பிசிஐ. பெட்டிகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள். நான் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்லைடில் இந்தப் படத்தைப் பார்த்த அத்தை, தனக்கு வேண்டிய கேள்வியை நேராகக் கேட்டார்.

“ஏண்டா, இந்த ஃபோன் தொலைஞ்சா உள்ள இருக்கிற காசும் போயிடுமா?”

“ஃபோனுக்குள்ள காசே கிடையாது அத்தை. உங்க பென்ஷன் பணம் பேங்க்லதான் இருக்கு. நீங்க செக் எழுதுவீங்கல்ல? செக் புக்குக்குள்ள காசா இருக்கு? ஃபோனும் அப்படித்தான்.”

அந்தப் படத்தின் சாரம் இவ்வளவுதான். செயலி பணத்தை வைத்திருப்பதில்லை. ‘இவருக்கு இவ்வளவு கொடு’ என்ற உத்தரவை வங்கிக்குக் கொண்டுபோகிறது. அத்தைக்குக் காசோலை பழக்கம் என்பதால் மீதியையும் அதை வைத்தே சொன்னேன்.

“பால்காரருக்கு ஐந்நூறு ரூபா அனுப்புறீங்கன்னு வைங்க. அவர் ஒட்டியிருக்கிற கட்டம் போட்ட அட்டையில அவரோட யூபிஐ முகவரியும் பேரும்தான் இருக்கு. அதை ஸ்கேன் பண்ணினா செக்குல பேர் எழுதின மாதிரி. ஐந்நூறுன்னு அடிச்சா தொகை எழுதின மாதிரி. கடைசியா பின் நம்பர் போடுறீங்களே, அதுதான் உங்க கையெழுத்து.”

“அந்த நம்பர் ஜிபேகாரனுக்குத் தெரிஞ்சிடாதா?”

நல்ல கேள்வி. பின் எண் கேட்கும் அந்தத் திரை என்பிசிஐ கொடுத்த மென்பொருளால் வருவது. அடித்த எண் ஃபோனிலேயே பூட்டப்பட்டு, உங்கள் வங்கிக்குப் போன பிறகே சரிபார்க்கப்படுகிறது. செயலி நடத்தும் நிறுவனத்தால் அதைப் படிக்க முடியாது. எண் சரியாக இருந்தால் வங்கி உங்கள் கணக்கில் ஐந்நூறைக் கழிக்கிறது. பால்காரரின் வங்கியிடம் ‘வரவு வை’ என்று என்பிசிஐ சொல்கிறது. காசோலைக்கு கிளியரிங் ஹவுஸ் செய்யும் வேலையை, சில நொடிகளில் இது முடித்துவிடுகிறது.

ஆனால் ஓர் இடத்தில் காசோலை உவமை உதவாது. அதையும் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காசோலையைக் கொடுத்த பிறகுகூட, பணமாவதற்குள் வங்கிக்குச் சொல்லி நிறுத்தலாம். யூபிஐயில் பின் அடித்துப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் நிறுத்த வழியில்லை. எனவே பின் அடிக்கும் திரையின் மேலே தெரியும் பெயரையும் தொகையையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அடிக்குமாறு அத்தையிடம் சொன்னேன்.

கையெழுத்து என்று புரிந்ததும், மோசடியை விளக்குவது எளிதாகிவிட்டது.

“பணம் வருது, பின் போடுங்கன்னு ஒருத்தன் ஃபோன் பண்றான். என்ன சொல்வீங்க?”

“என் கணக்குல காசு போடுறதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

அதேதான். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் ‘பணம் அனுப்பு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியை, மோசடிகளுக்குப் பயன்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனாலும் பரிசு, ரீஃபண்டு என்று சொல்லி ஸ்கேன் செய்யவைக்கும் தந்திரம் ஓயவில்லை.

இரண்டு விவரங்களைச் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் பின் கேட்கும். அதைப் பார்த்து பணம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். யூபிஐ லைட் என்ற வசதியை இயக்கியிருந்தால், அதில் ஒதுக்கிவைத்த சிறு தொகையிலிருந்து பின் இல்லாமலே பணம் போகும். அத்தைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது, இயக்கவில்லை.

சில சமயம் நம் கணக்கில் பணம் கழிந்திருக்கும், எதிராளிக்குப் போயிருக்காது. பதறிப்போய் உடனே இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் போய்ச் சேர்ந்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஏமாற்றப்பட்டுப் பணம் போயிருந்தால் காத்திருக்கவே கூடாது. 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மோசடிக்காரர் பணத்தை வேறு கணக்குக்கு நகர்த்துவதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஃபோனில் அந்த எண்ணை இன்றே சேமித்துக் கொடுங்கள்.