வரிசையும் வகையும்: ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம்

சில மாதங்களுக்கு முன்பு, இயந்திரக் கற்றலில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்னாய்வுகளைப் பற்றிய அத்தியாயம்; எல்லோரும் ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’ என்று சொல்வது. நாற்பது பக்கம், ஏறத்தாழ எழுபது கட்டுரைகள். 1989இல் தொடங்கி ஆண்டுவாரியாக நடந்துவந்து போன வருஷத்தில் நிற்கிறது. ‘ஒண்ணையும் விடல சார், எல்லாத்தையும் படிச்சிட்டேன்’ என்றார். படித்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாசித்து முடித்தபோது எந்தக் கட்டுரை எதோடு உறவாடுகிறது, எது எதை மறுக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்கவில்லை என்பது பேசப்பேசத்தான் தெரிந்தது. அதன் விலை ஓராண்டு உழைப்பாக இருந்திருக்கும்.

அவருடைய பிரச்சனை மறதி. நியூரல் நெட்வொர்க்குக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்ததைக் கற்றுக்கொடுத்தால் முதலாவது அழிந்துபோகிறது. 1989இல் மெக்லாஸ்கியும் கோஹனும் ஒரு நெட்வொர்க்குக்கு ஒன்றைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தார்கள். பிறகு இரண்டைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தார்கள். முதலில் கற்றது போயே போய்விட்டது. ‘பேரழிவு மறதி’ என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. மாணவரின் நெட்வொர்க் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயை இனங்காண வேண்டியது. புதுப்புது நோய்கள் தொகுதி தொகுதியாகச் சேரும். பழைய நோயாளிகளின் படங்களை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இந்த இரண்டு நிபந்தனைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய அத்தியாயத்துக்குள் போகலாம்.

அதில் ஒரு பத்தி கிட்டத்தட்ட இப்படிப் போகிறது: ‘2016இல் லீ, ஹோயம் இருவரும் ஒரு முறையை முன்மொழிந்தனர். 2017இல் கிர்க்பாட்ரிக் குழுவினர் இ.டபிள்யூ.சி. முறையை முன்மொழிந்தனர். அதே ஆண்டில் ரெபுஃபி குழுவினர் ஐகார்ல் முறையை முன்மொழிந்தனர். அதே ஆண்டில் ஷின் குழுவினர்...’ ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டாலும் பத்திக்கு ஒன்றும் ஆகாது. வரிசை மட்டும் இருக்கிறது, வாதம் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

காலவரிசை நடுநிலையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியல்ல. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போதே, பின்னால் வருவது முன்னதைத் திருத்தி மேம்படுத்தியது என்கிற வளர்ச்சிக் கதையொன்று சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த மாணவரின் அத்தியாயத்தில் அந்தக் கதை இரண்டு விதத்தில் பொய்யாகிறது.

முதலாவது, தொலைவிலிருப்பவை உண்மையில் ஒன்றாக இருக்கின்றன. 1995இல் ராபின்ஸ் ஒரு வழி சொன்னார். பழைய தரவு கையில் இல்லையா, பரவாயில்லை. தாறுமாறான உள்ளீடுகளைப் பழைய நெட்வொர்க்குக்குள் செலுத்தி, அது தரும் விடைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றைப் புதுப் பாடத்தோடு கலந்து கற்பிக்கலாம். இது போலி ஒத்திகை. 2017இல் ஷின் குழுவினர் செய்தது, பழைய படங்களைப்போலத் தோன்றும் படங்களை உருவாக்க ஓர் ஆக்க மாதிரியைப் பழக்கி, அந்தப் போலிப் படங்களுக்குப் பழைய நெட்வொர்க்கிடமே விடை கேட்டு, புதுப் பாடத்தோடு கலந்ததுதான். இரண்டும் ஒரே யோசனை. தாறுமாறான உள்ளீட்டின் இடத்தில் நம்பத்தகுந்த உள்ளீடு வந்திருக்கிறது. மாணவரின் அத்தியாயத்தில் இவற்றுக்கிடையே பதினைந்து பக்கம். இந்த உறவு ஒரு வார்த்தையில்கூடக் குறிக்கப்படவில்லை.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவை உண்மையில் வேறுவேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இ.டபிள்யூ.சி. பழைய பாடத்துக்கு முக்கியமான எடைகள் எவை என்று கணக்கிட்டு, அவற்றை நகர்த்தினால் அபராதம் விதிக்கிறது. ஐகார்ல், பழைய படங்களில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்கிறது. நூறு வகைகள் கொண்ட சிஃபார்-100 தரவில் மொத்தம் 2000 படங்கள். முன்னது பழைய படம் எதையும் வைப்பதில்லை. பின்னதற்குப் படங்களை வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். எக்ஸ்ரேயை வைத்துக்கொள்ள முடியாதவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம். அவர் இரண்டையும் ‘அதே ஆண்டில்’ என்ற சொல்லால் கட்டிப்போட்டிருந்தார்.

சரி, அப்படின்னா வகைப்படுத்தி எழுதிடலாமே என்று தோன்றும். அவரும் அடுத்த வாரம் அதைத்தான் செய்துகொண்டு வந்தார். டி லாங்கே குழுவினரின் மதிப்பீட்டுக் கட்டுரையொன்று 2019இல் முதன்முதலில் வெளிவந்தது. அது இந்தத் துறையை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறது: பழையதை மீண்டும் காட்டுபவை, அபராதத்தால் கட்டுப்படுத்துபவை, பாடத்துக்குப் பாடம் தனித்தனி எடைகளை ஒதுக்குபவை. இந்த மூன்றையும் மூன்று துணைத்தலைப்புகளாக வைத்து, எழுபது கட்டுரைகளையும் அவற்றுக்குள் கொட்டிவிட்டார். உள்ளே மறுபடியும் ஆண்டுவரிசை!

வகைப்பாடும் அப்பாவியானதல்ல. யாரோ ஒருவர் தன் கேள்விக்காகப் போட்ட பிரிவு அது. அந்த மதிப்பீடு, சோதனையின்போது ‘இது எந்தப் பாடம்’ என்று நெட்வொர்க்குக்குச் சொல்லப்படும் சூழலை மட்டுமே ஆராய்வதாக வரையறுத்துக்கொண்டது. எக்ஸ்ரே எடுக்க வருகிறவர் ‘என் நோய் உங்களுடைய மூன்றாம் தொகுதியில் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். தலைப்புகளைக் கடன் வாங்கும்போது அந்த எல்லையும் கூடவே வந்துவிடுகிறது.

ஆகவே தலைப்புகள் நம் ஆய்வுக் கேள்வியிலிருந்து வரவேண்டும். அதற்கு நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. ஒரு பெரிய அட்டவணை. கட்டுரைக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு பத்தி. கேள்விகள் மூன்றே மூன்று. பழையதிலிருந்து எதை வைத்துக்கொள்கிறது: படத்தையா, எடைகளின் முக்கியத்துவத்தையா, பழைய நெட்வொர்க்கின் விடைகளையா, படம் ஆக்கும் மாதிரியையா? சோதனையில் எந்தப் பாடம் என்று சொல்லப்படுகிறதா? எந்தத் தரவில் காட்டியிருக்கிறார்கள்? ஒவ்வொரு விடைக்கும் பக்க எண்ணையும் எழுதிவைத்தோம்.

இரண்டாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கத்தில் கிடைக்காது. சோதனைகளை விவரிக்கும் பகுதிக்குப் போக வேண்டும். சில சமயம் நிரலையே பார்க்க வேண்டும். வெளியீட்டு அடுக்கில் பாடத்துக்கொரு ‘தலை’ தனியாக இருந்து, சோதனையில் சரியான தலை தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்பட்டால், பாடம் சொல்லப்பட்டுவிட்டது என்று பொருள். எல்லா வகைகளுக்கும் ஒரே தலை என்றால் சொல்லப்படவில்லை. இந்தப் பத்தியை நிரப்பத்தான் மூன்று வாரம் பிடித்தது. அத்தியாயத்தின் உயிர் அதில்தான் இருந்தது.

ஏனென்றால் வான் டி வென், டோலியாஸ் ஆகியோர் 2019இல் காட்டிய ஒரு விஷயம் இந்த அட்டவணையில்தான் கண்ணில் பட்டது. பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான கையெழுத்து எண்களை இரண்டிரண்டாக ஐந்து பாடங்களாக்கிக் கற்பிக்கிறார்கள். எந்தப் பாடம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் இ.டபிள்யூ.சி. உட்பட எல்லா முறைகளும் நன்றாகவே தேறுகின்றன. சொல்லாமல், பத்தில் எது என்று கேட்டால் இ.டபிள்யூ.சி.யின் மதிப்பெண் சுமார் 20 சதவீதத்துக்கு விழுகிறது. போலிப் படங்களைக் கொண்டு ஒத்திகை பார்க்கும் முறை 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அந்த 20 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். பத்து எண்களில் கடைசியாகப் படித்த இரண்டு மட்டும் தெரிந்திருந்தால் கிடைப்பது அவ்வளவுதான். அதாவது மறதி குறையவே இல்லை.

மாணவர் அடுத்த ஓராண்டில் செய்ய நினைத்திருந்தது, இ.டபிள்யூ.சி.யின் அபராதக் கணக்கை நுணுக்கமாக்குவது! அவர் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் இல்லை. 2019 என்ற தலைப்பின்கீழ் அதற்கும் நான்கு வரி ஒதுக்கியிருந்தார். ஆனால் அது 2017இன் ஒரு கட்டுரையைத் தன் சூழலில் செல்லாததாக்குகிறது என்பதை எழுத ஆண்டுவரிசையில் இடமே இல்லை.

புதிய அத்தியாயம் இரண்டு பெரும் பிரிவுகளாக அமைந்தது: பழைய படங்களை வைத்துக்கொள்ளும் முறைகள், வைத்துக்கொள்ளாத முறைகள். இரண்டாவது பிரிவுக்குள், பாடம் சொல்லப்படும் சூழல், சொல்லப்படாத சூழல். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் ஒரு நபரின் பெயரில் தொடங்காமல் ஒரு கூற்றாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். உதாரணமாக: ‘படங்களை வைத்துக்கொள்ளாமலும் பாடம் எது என்று அறியாமலும் கற்கும் சூழலில், எடைகளைப் பாதுகாப்பது மட்டும் போதுவதில்லை, பழையதன் ஏதோவொரு சாயல் மீண்டும் காட்டப்பட வேண்டியிருக்கிறது.’ இதன் பின்னால் இ.டபிள்யூ.சி. வரும், சான்றாக. 1995உம் 2017உம் ஒரே பத்தியில் அடுத்தடுத்து உட்காரும்.

இங்கே காலத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வகைக்குள்ளே, ஒன்று இன்னொன்றிலிருந்து பிறந்திருக்கும் இடத்தில், ஆண்டுவரிசைதான் சரி. அங்கே அது காரண காரியத்தைச் சொல்கிறது. ஐகார்ல் போன்ற கட்டுரை இரண்டு இடத்திலும் ஒட்டும். படங்களையும் வைத்துக்கொள்கிறது, லீ, ஹோயம் செய்ததுபோலப் பழைய விடைகளையும் பாதுகாக்கிறது. அதை ஒரே பெட்டிக்குள் திணிக்கத் தேவையில்லை. இரண்டு இடத்திலும், இரண்டு வெவ்வேறு காரணத்துக்காகப் பேசலாம். ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி என்பது நூலகப் பதிவேட்டின் சட்டம். அத்தியாயத்துக்கு அது பொருந்தாது.

அட்டவணையில் வெற்றுக் கட்டம் தெரிந்ததும் ‘இதுதான் இடைவெளி, என் ஆய்வு இங்கே’ என்று குதிக்கும் ஆபத்தும் இருக்கிறது. கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். எண்களில் நன்றாக ஓடிய போலிப் படமுறை, சிஃபார்-100 போன்ற சிக்கலான படங்களுக்கு வந்ததும் நொடித்துப்போனது. நம்பத்தகுந்த படத்தை உண்டாக்குவதே அங்கே கடினம். 2020இல் வான் டி வென் குழுவினர் முழுப் படத்துக்குப் பதிலாக நெட்வொர்க்கின் உள்ளடுக்குப் பிரதிநிதித்துவங்களை மீண்டும் காட்டி இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். ஆக, அந்தக் கட்டம் யாரும் எட்டிப் பார்க்காததால் காலியாக இல்லை. கடினம் என்பதால் ஏறக்குறைய காலியாக இருக்கிறது.

மாணவரின் கேள்வி இப்போது மாறிவிட்டது. ‘எந்த அபராதம் சிறந்தது’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ‘நோயாளியின் படத்தை வைத்துக்கொள்ளாமல், அவரை அடையாளம் காட்டாத எந்தச் சாயலை மீண்டும் காட்டலாம்’ என்று கேட்கிறார். ஆக்க மாதிரிகள் பழகிய படங்களை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவதும் உண்டு என்பதால் இது வெறும் மதிப்பெண் கேள்வி அல்ல. நாற்பது பக்கம் இருபத்தாறாகக் குறைந்திருக்கிறது. எழுபது கட்டுரைகளில் பதினெட்டு வெளியே போய்விட்டன. ‘அதையெல்லாம் படிச்சது வீணாப் போச்சே’ என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். அந்தப் பதினெட்டின் வரிகளும் அட்டவணையில் அப்படியே இருக்கின்றன.