கணையக் குழாயை கல் அடைத்தால் முதலில் கெடுவது எது? இன்சுலின் செல்கள் கொஞ்ச காலம் தப்பிப்பது எப்படி?

சர்க்கரை நோய்னு சொன்னாலே கணையம் சரியா வேலை செய்யலைன்னு சொல்வோம். ஆனால் ஒருவருக்கு கணையம் பெருமளவு கெட்டுப்போயும் சர்க்கரை ஏறாமல் இருக்கலாம். இன்னொருவருக்கு கணையம் ஜீரண வேலையை நன்றாகவே செய்துகொண்டிருக்கும்போது, இன்சுலின் மட்டும் நின்றுபோயிருக்கலாம். இது எப்படி சாத்தியம்? கணையத்தின் ஒரு சிறு துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஒரே உறுப்பு, இரண்டு வேலை

வயிற்றுக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் உறுப்பு கணையம். அதன் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் நீல, ரோஸ் நிறச் சாயங்களை ஏற்றினால் முதலில் கண்ணில் படுவது அசினை எனப்படும் செல் கொத்துகள். திராட்சைக் குலை மாதிரி, நடுவில் ஒரு சின்ன இடைவெளியைச் சுற்றி செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்.

இந்த செல்களுக்கு இரண்டு நிறம் உண்டு. அடிப்பக்கம் ஊதா கலந்த நீலம். நாள் முழுக்க புரதம் தயாராகும் பகுதி அது. இடைவெளியைப் பார்த்த நுனிப்பக்கம் ரோஸ். தயாரான ஜீரண நொதிகள் சின்னச் சின்ன உருண்டைகளாக அங்கே காத்திருக்கும். மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு ட்ரிப்சின். இதில் ட்ரிப்சின் மட்டும் கணையத்துக்குள் செயல்படாத வடிவில் பூட்டி வைக்கப்பட்டு, சிறுகுடலுக்குப் போன பிறகே விழித்துக்கொள்ளும். இல்லையென்றால் கணையம் தன்னைத்தானே ஜீரணித்துவிடும். கடுமையான கணைய அழற்சியில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்த நொதிகள் எல்லாம் குழாய் வழியாகவே வெளியேறும். சிறு குழாய்கள் சேர்ந்து பெரிய குழாயாகி சிறுகுடலில் போய்த் திறக்கும்.

அசினைகளுக்கு நடுவே அங்கங்கே வெளிறிய வட்டங்கள் தெரியும். நெருக்கமான காட்டுக்குள் மரம் வெட்டிய திடல் மாதிரி. இவைதான் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரைதான் இருக்கும். ஒரு மனிதரின் கணையத்தில் சுமார் 10 லட்சம் திட்டுகள் இருந்தாலும், எடையில் அவை வெறும் 1 முதல் 2 சதவீதம்தான். திட்டுக்குள் குழாய் எதுவும் கிடையாது. அதற்குப் பதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும். ஹார்மோன் நேராக ரத்தத்தில் இறங்கி, முதலில் கல்லீரலுக்குப் போகும்.

1869-ல் பெர்லினில் 21 வயது மருத்துவ மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ் இந்தத் திட்டுகளை முதலில் விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்கே தெரியவில்லை.

எந்த செல், எந்த ஹார்மோன்?

வழக்கமான சாயத்தில் திட்டுக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒன்று போலவே தெரியும். அந்தந்த ஹார்மோனில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைக் கொண்டு சாயமேற்றினால்தான் யார் யார் என்று தெரியவரும்.

பாதிக்கு மேல் இருப்பவை பீட்டா செல்கள். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் இங்கிருந்துதான் வருகிறது. எண்ணிக்கையில் அடுத்து ஆல்பா செல்கள். இவை சுரக்கும் குளுக்ககான் நேர் எதிர் வேலை செய்யும்: பட்டினி நேரத்தில் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே எடுத்து விடும். டெல்டா செல்கள் சுரக்கும் சொமாட்டோஸ்டாட்டின் இந்த இரண்டையும் அடக்கி வைக்கும். இவை தவிர, கணையப் பாலிபெப்டைடு சுரக்கும் பிபி செல்களும், கிரெலின் சுரக்கும் எப்சிலான் செல்களும் கொஞ்சம் உண்டு.

நடுவில் பீட்டா, சுற்றிலும் ஆல்பா என்று பல பாடப்புத்தகங்களில் படம் இருக்கும். அது எலிக்கு நன்றாகப் பொருந்தும். மனிதத் திட்டுகளில் இரண்டும் பெரும்பாலும் கலந்தே கிடக்கின்றன.

கல் சொல்லிக்கொடுத்த பாடம்

1920-ல் அமெரிக்க மருத்துவர் மோசஸ் பேரன் ஒரு கட்டுரை எழுதினார். கணையக் குழாயை கல் அடைத்திருந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, அசினைகள் சுருங்கி அழிந்திருந்தன. திட்டுகளில் பெரும்பாலானவை தப்பியிருந்தன. காரணம் எளிது. வெளியேற வழியில்லாமல் தேங்கிய கணைய நீரின் அழுத்தம் அசினைகளைத்தான் முதலில் தாக்கும். குழாயையே நம்பாத திட்டுகளுக்கு அந்த அடைப்பு உடனே பிரச்னை இல்லை.

அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் இதைப் படித்த கனடா மருத்துவர் ஃபிரெடரிக் பான்டிங்குக்கு ஒரு யோசனை வந்தது. நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டு, அசினைகள் அழியும் வரை சில வாரம் காத்திருந்தால், மிச்சமிருக்கும் திட்டுகளிலிருந்து நொதியின் தொந்தரவு இல்லாமல் ஹார்மோனைப் பிரித்தெடுக்கலாமே? 1921-ல் டொரன்டோவில் சார்லஸ் பெஸ்டுடன் சேர்ந்து அவர் அதைச் செய்து பார்த்தார். பிறகு ஆல்கஹால் பயன்படுத்தி, மாட்டின் முழுக் கணையத்திலிருந்தே எடுக்க முடிந்ததால் குழாயைக் கட்டும் வேலையே தேவைப்படாமல் போனது. 1922 ஜனவரி 11-ல் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்தை ஜனவரி 23-ல் போட்டதும் சிறுவனின் சர்க்கரை இறங்கியது.

அப்படின்னா கல் இருந்தாலும் சர்க்கரை வராதா?

கொஞ்ச காலம் வராமல் இருக்கலாம், எப்போதும் அல்ல. கேரளம், தமிழ்நாடு பகுதிகளில் இளம் வயதிலேயே கணையத்தில் கல் உருவாகி, பிறகு சர்க்கரை நோயும் வரும் நோயாளிகளை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். உதாரணத்துக்கு 25 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பருவத்திலிருந்தே அவருக்கு அடிக்கடி மேல்வயிற்று வலி, அது முதுகுக்கும் பரவும். பிறகு மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், எடை குறையும். நொதி சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகே இந்த அறிகுறி தெரியும் என்பதால், அதற்குள் அசினைகள் பெரும்பாலும் அழிந்திருக்கும். அழற்சியும் தழும்பும் பரவிப் பரவி, கடைசியில் திட்டுகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் நெரிக்கும். அப்போதுதான் சர்க்கரை ஏறும்.

டைப் 1 சர்க்கரை நோயிலிருந்து இது மாறுபடுவது இங்கேதான். டைப் 1-ல் நோய் எதிர்ப்பு சக்தி பீட்டா செல்களை மட்டும் தேடி அழிக்கும். ஆல்பா செல்கள் மிஞ்சும். இன்சுலின் இல்லாமல் குளுக்ககான் மட்டும் இருப்பதால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கணையக் கல்லிலோ தழும்பு ஆல்பா, பீட்டா என்று பார்ப்பதில்லை. குளுக்ககானும் குறைவதால், கொஞ்சம் இன்சுலினும் மிச்சமிருப்பதால், கீட்டோன் அபாயம் குறைவு. ஆனால் இன்சுலின் ஊசி கொஞ்சம் அதிகமாகி சர்க்கரை விழுந்துவிட்டால், அதைத் தூக்கிவிட குளுக்ககான் போதாது. அதனால் இவர்களுக்கு டோஸ் போடும்போது கூடுதல் கவனம் தேவை. சாப்பாட்டோடு நொதி மாத்திரையும் வேண்டும். ஜீரணம் சரியானதும் உணவின் சத்து உடலில் கூடுதலாகச் சேரும். சர்க்கரை அளவும் மாறும் என்பதால் இன்சுலின் டோஸையும் திருத்த வேண்டிவரலாம்.

இதை உறுதிசெய்ய திசு எடுக்கத் தேவையில்லை. ஸ்கேனில் கல் தெரியும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதி குறைந்திருந்தால் அசினை பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் சி-பெப்டைடு அளவைப் பார்த்தால் பீட்டா செல்கள் எவ்வளவு இன்சுலின் தருகின்றன என்று தெரியும். சர்க்கரையோடு நீண்ட கால வயிற்று வலியும் எண்ணெய்ப் பசை மலமும் இருந்தால், இவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. சர்க்கரை அளவை மட்டும் பார்த்து இந்த வகையைக் கண்டுபிடிக்க முடியாது.