லிங்கோடு வரும் படம் எங்கிருந்து வருகிறது?

தேர்த் திருவிழாவைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய கையோடு லிங்கை எடுத்து ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். லிங்கோடு சிறிய அட்டை ஒன்று சேர்ந்து வருகிறது. அதில் தேரைக் காணோம். கூட்டத்தில் நிற்கும் யாரோ ஒருவருடைய முதுகு தெரிகிறது. தலைப்பு வரவேண்டிய இடத்தில் `VID_20250412` என்று ஃபைலின் பெயர் நிற்கிறது. உடனே யூடியூபுக்குள் போய், "எங்கள் ஊர்த் தேரோட்டம்" என்று தலைப்பை மாற்றுகிறார். தேர் முழுதாகத் தெரியும் படத்தைத் தம்ப்நெயிலாக வைக்கிறார். யூடியூபில் எல்லாம் சரியாகிவிட்டது. குழுவில் மட்டும் அதே முதுகு, அதே ஃபைல் பெயர். அடுத்த திருவிழா வரை காத்திருந்தாலும் அந்த அட்டை மாறப்போவதில்லை.

அந்த அட்டையை உருவாக்கியது அவருடைய சொந்தப் போன் என்பதுதான் காரணம். வாட்ஸ்அப்பில் எழுதும் கட்டத்தில் லிங்கை ஒட்டியதுமே, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, வேலை தொடங்கிவிடுகிறது. ஒட்டப்பட்டது ஓர் இணைய முகவரி என்று கண்டுகொண்டதும் போன் பின்னணியில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது. வீடியோவை அது தொடுவதில்லை. பக்கத்தின் தொடக்கத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும் சில வரிகளை மட்டும் தேடிப் படிக்கிறது. அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```html
<meta property="og:title" content="எங்கள் ஊர்த் தேரோட்டம்">
<meta property="og:description" content="காலை வடம் பிடித்தது முதல் நிலைக்கு வந்தது வரை">
<meta property="og:image" content="https://i.ytimg.com/vi/VIDEO_ID/maxresdefault.jpg">
```

முதல் வரி தலைப்பு, இரண்டாவது விளக்கம், மூன்றாவது படம் இருக்கும் முகவரி. `VIDEO_ID` என்று இருக்கும் இடத்தில் அந்த வீடியோவுக்கே உரிய 11 எழுத்து அடையாளம் வரும். ஓப்பன் கிராஃப் எனப்படும் இந்த எழுத்துமுறையை 2010-ல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்தியது. தங்கள் பக்கங்களைப் பிற தளங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கும் பல இணையதளங்கள் இன்று இதைப் பின்பற்றுகின்றன. யூடியூப் ஒவ்வொரு வீடியோ பக்கத்திலும் இவற்றைத் தானாகவே எழுதிவைக்கிறது. நாம் கொடுக்கும் தலைப்பும், விளக்கத்தின் முதல் சில சொற்களும், தம்ப்நெயிலும்தான் இந்த வரிகளுக்குள் போய் உட்காருகின்றன. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் ஃபைலின் பெயரே தலைப்பாகிவிடும். வீடியோவிலிருந்து யூடியூப் தானாக எடுத்த ஒரு காட்சி தம்ப்நெயிலாகிவிடும். அந்த முதுகு அப்படி வந்ததுதான்.

போன் அந்தப் படத்தை இறக்கி, சிறிதாக்கி, தலைப்போடு சேர்த்து எழுதும் கட்டத்துக்கு மேலே காட்டுகிறது. அனுப்பு என்று அழுத்தும்போது லிங்க், தலைப்பு, படம் மூன்றும் ஒரே செய்தியாகப் பூட்டப்பட்டுக் குழுவுக்குப் போகின்றன. பெறுகிறவர்களின் போன்கள் அட்டையைக் காட்டுவதற்காக யூடியூபைக் கேட்பதே இல்லை. செய்திக்குள் வந்ததை அப்படியே காட்டுகின்றன. அதனால்தான் மூலத்தில் செய்த திருத்தம் ஏற்கெனவே போன அட்டையை எட்டவில்லை. அந்தச் செய்தியை ஒருவர் இன்னொரு குழுவுக்கு ஃபார்வர்டு செய்தால் பழைய முதுகும் கூடவே பயணம் போகும்.

வாட்ஸ்அப் ஏன் இந்த வேலையை அனுப்புகிறவரின் போனிடம் கொடுத்தது? அங்கே செய்திகள் அனுப்புகிறவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கப்படுகின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்கு எந்த லிங்க் போகிறது என்றே தெரியாது. தெரியாத பக்கத்துக்கு அது அட்டை தயாரிக்கவும் முடியாது. பெறுகிறவரின் போனே பக்கத்தைக் கேட்கும்படி வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். அது ஆபத்தான வழி. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய லிங்கை நாம் தொடாமலேயே நம் போன் அந்தத் தளத்துக்குப் போய்த் தன் ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டு வரும். அனுப்புகிறவர் மட்டும் போய்வரும் ஏற்பாட்டில் பெறுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. இது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

டெலிகிராம் குழுக்களில் நடப்பது வேறு. அங்கே டெலிகிராமின் சர்வரே பக்கத்தைப் படித்து அட்டையைத் தயாரித்துச் சேமித்து வைக்கிறது. சேமித்தது பழசாகிவிட்டால் `@WebpageBot` என்ற கணக்குக்கு லிங்கை அனுப்பிப் புதுப்பிக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் அப்படிப் புதுப்பிக்க வழியில்லை.

தேரோட்ட இளைஞர் செய்யக்கூடியது ஒன்றுதான். பழைய செய்தியை எல்லோருக்குமாக நீக்க வேண்டும். அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக அதற்கு நேரம் உண்டு. பிறகு யூடியூப் பக்கத்தில் புதிய தம்ப்நெயில் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாற்றிய அடுத்த நொடியே அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடாது. பழைய படத்தின் நகல்கள் சர்வர்களில் கொஞ்ச நேரம் தங்கும். கணினி இருந்தால் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்தி, `og:image` என்று தேடி, அங்கே இருக்கும் முகவரியைத் தனியாகத் திறந்து பார்க்கலாம். அங்கே தேர் தெரிந்தால் லிங்கை மறுபடி ஒட்டலாம். ஒட்டிய பிறகு, எழுதும் கட்டத்துக்கு மேலே அட்டை முழுதாக வரும்வரை பொறுத்திருந்து அனுப்ப வேண்டும்.

சிலர் அனுப்பும் லிங்க் அட்டையே இல்லாமல் மொட்டையாக வருவதற்கும் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம். போன் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் செய்தி போய்விட்டது. சிக்னல் மெதுவாக இருக்கும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். வீடியோவை `Private` என்று வைத்திருந்தாலும் அதன் தலைப்போ படமோ வராது, ஏனென்றால் பக்கம் அவற்றை வெளியாருக்குக் காட்டாது. `Unlisted` என்று வைத்திருந்தால் அட்டை வழக்கம்போல வரும். வாட்ஸ்அப்பின் `Privacy` பகுதியில் `Advanced` என்பதற்குள் `Disable link previews` என்ற வசதியும் இருக்கிறது. அது இயக்கப்பட்டிருந்தால் அந்தப் போன் எந்த லிங்குக்கும் அட்டை தயாரிக்காது.

இதில் நாம் அவசியம் கவனிக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. அட்டையில் வரும் தலைப்பையும் படத்தையும் வாட்ஸ்அப் சரிபார்ப்பதில்லை. பக்கத்தை எழுதியவர் என்ன எழுதினாரோ அதுதான் வரும். வீடியோவில் இல்லாத நடிகரின் படத்தைத் தம்ப்நெயிலில் வைத்தால் அட்டையிலும் அந்த நடிகரே வருவார். அதோடு, அட்டையை அனுப்புகிறவரின் போன் தயாரிப்பதால், மாற்றியமைக்கப்பட்ட செயலியை வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இல்லாத தலைப்பையும் படத்தையும் ஒட்டி அனுப்பவும் முடியும். முன்பு ஃபேஸ்புக் பக்கங்களை நடத்துகிறவர்கள், தாங்கள் பகிரும் லிங்கின் தலைப்பையும் படத்தையும் விருப்பம்போல மாற்றிக்கொள்ள முடிந்தது. பொய்ச் செய்திகளுக்கு அது வசதியாகிவிட்டதால் 2017-ல் அந்த நிறுவனம் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆகவே தொடுவதற்கு முன் அட்டையை விட்டுவிட்டு, செய்தியில் எழுத்தாக இருக்கும் முகவரியைப் படியுங்கள். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். `youtube.com/watch` என்றால் யூடியூப். `youtube.com.example.net/watch` என்றால் அது `example.net` என்ற வேறொரு தளம். அட்டையில் என்ன படம் இருந்தாலும் தொடாதீர்கள். சரியான முகவரியாகவே இருந்தாலும், வீடியோவைத் திறந்து சேனலின் பெயரையும் ஏற்றிய தேதியையும் பார்த்த பிறகே அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள்.